ஒத்திசைவுக் கோப்புறையில் சேரும் திரைப்பிடிப்புகள்: பதினொன்று எடுத்தேன், பதினைந்து இருக்கின்றன, நான்கு இடம் மாறிவிட்டன

வரைவாளர்

வணக்கம். நான் ஒரு மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதி வருகிறேன். அலுவலகத்தில் ஒரு மேசைக்கணினியும் கையோடு எடுத்துச் செல்ல ஒரு மடிக்கணினியும் உள்ளன. இரண்டிலும் விண்டோஸ் 11 இயங்குகிறது; இரண்டும் ஒரே கணக்கில் ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டு, Pictures கோப்புறை இரண்டுக்கும் பொதுவாக ஒத்திசைக்கப்படுகிறது. திரைப்பிடிப்புகளை Win + PrtScn அழுத்தி எடுப்பேன். அவை Pictures கோப்புறைக்குள் இருக்கும் Screenshots கோப்புறையில் வரிசை எண்ணோடு சேர்கின்றன. கையேட்டின் ஆவணத்தில் படத்தை உள்ளே ஒட்டாமல், கோப்பின் பெயரைச் சுட்டி இணைப்பாக மட்டும் வைக்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை பயணத்தின்போது, இணையம் இல்லாத நிலையில், மடிக்கணினியில் ஏழு படங்கள் எடுத்தேன். அவற்றுக்கு Screenshot (213).png முதல் Screenshot (219).png வரை பெயர்கள் அமைந்தன. அங்கேயே அமர்ந்து நான்காம் அத்தியாயத்தில் இணைத்தும் முடித்தேன். பிறகு அலுவலகம் சென்று மேசைக்கணினியில் வேறொரு பகுதிக்காக நான்கு படங்கள் எடுத்தேன். மாலையில் மடிக்கணினியை இணையத்தில் இணைத்து ஆவணத்தைத் திறந்தபோது, நான்காம் அத்தியாயத்தின் முதல் நான்கு படங்களும் எனக்குத் தொடர்பில்லாத திரைகளைக் காட்டின. கடைசி மூன்று மட்டும் சரியாக இருந்தன. கோப்புறையைப் பார்த்தால், பதினொரு படங்களுக்குப் பதிலாகப் பதினைந்து கோப்புகள் கிடக்கின்றன. சிலவற்றின் பெயரில் என் மடிக்கணினியின் பெயரான LAP02 ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு சில வெறும் தேதியைப் பெயராகக் கொண்டுள்ளன. எவற்றை அழிக்கலாம், எவற்றை அழிக்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்திமழை

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கைப்பேசியில் எடுத்த திரைப்பிடிப்புகளை இரண்டு செயலிகள் தனித்தனியே மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. கேலரியில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு செயலியில் தானியங்கி பதிவேற்றத்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நீங்களும் கைப்பேசியின் அமைப்புகளைப் பாருங்கள்.

வரைவாளர்

நன்றி. ஆனால் இதில் கைப்பேசிக்குப் பங்கில்லை, இரண்டும் கணினிகள்தான்.

கணக்கன்

இது எளிய வேலை. கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் ஹாஷ் கணக்கிட்டு, ஒரே ஹாஷ் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். பவர்ஷெல்லில் இவ்வளவுதான்:

```
Get-ChildItem *.png | Get-FileHash |
  Group-Object Hash | Where-Object Count -gt 1
```

ஒத்திசைவு நிரல்கள் குழம்பி நகல் உருவாக்குவது வழக்கமான ஒன்று. மாதம் ஒருமுறை இதை ஓட்டினால் போதும்.

வரைவாளர்

ஓட்டிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. கண்ணால் பார்த்தால் ஒரே படமாகத் தெரியும் நான்கு இணைகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றுக்குக்கூட ஹாஷ் ஒத்துவரவில்லை. கோப்புகளின் அளவே சற்று வேறுபடுகிறது. பட்டியலைக் கீழே தருகிறேன்.

```
2025-03-11.png
2025-03-11 (1).png
2025-03-11 (2).png
2025-03-11 (3).png
Screenshot (213).png        ... (219).png வரை
Screenshot (213)-LAP02.png  ... (216)-LAP02.png வரை
```

தறி

பட்டியலைத் தந்தது நல்லதாயிற்று. அதிலேயே விடை இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது ஒரு பிழை அன்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு. இரண்டும் ஒரே கோப்புறையில் விளைந்ததால் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

முதலில், தேதியைப் பெயராகக் கொண்ட நான்கு கோப்புகள். அவை ஒத்திசைவினால் உண்டானவை அல்ல. ஒன்டிரைவின் அமைப்புகளில் Save screenshots I capture to OneDrive என்றொரு தேர்வு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், நீங்கள் விசையை அழுத்தும்போது விண்டோஸ் தன் பங்குக்கு வரிசை எண் இட்டு ஒரு கோப்பை எழுதும். ஒன்டிரைவும் அதே கணத்தில் தன் பங்குக்குத் தேதியிட்டு இன்னொரு கோப்பை எழுதும். ஒரே விசையை இரண்டு நிரல்கள் காதுகொடுத்துக் கேட்கின்றன. மேசைக்கணினியில் நான்கு முறை அழுத்தினீர்கள், நான்கு தேதிக் கோப்புகள் வந்திருக்கின்றன. மடிக்கணினியில் எடுத்த ஏழுக்கும் இணை இல்லை என்பதால், அங்கே அந்தத் தேர்வு அணைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கணக்கன் சொன்ன வழி ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு கோப்புகளையும் எழுதியவை வெவ்வேறு நிரல்கள். பிஎன்ஜி வடிவத்தில் படம் சிதையாமல் சுருக்கப்படுகிறது என்றாலும், எப்படிச் சுருக்குவது, கூடவே என்னென்ன குறிப்புகளைச் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு நிரலும் தானே முடிவு செய்கிறது. ஆகவே புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக உள்ள இரு படங்கள், கோப்பாகப் பார்க்கும்போது வேறாக இருக்கலாம். ஹாஷ் ஒத்துவந்தால் இரண்டும் ஒன்று என்பது உறுதி. ஒத்துவராவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவதுதான் கவலைக்குரியது. அதை மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கன்

ஏற்றுக்கொள்கிறேன். ஒத்திசைவே நகலை உண்டாக்கியிருக்கும் என்று கருதிவிட்டேன். அப்படியாயிருந்தால் ஹாஷ் ஒத்திருக்கும். எனினும், ஹாஷுக்குப் பதிலாகக் கோப்பு எழுதப்பட்ட நேரத்தைப் பார்க்கலாமே? இரண்டு வினாடி இடைவெளிக்குள் எழுதப்பட்ட இரு கோப்புகள் என்றால் ஒன்று மற்றதன் நகல்தான் என்று கொள்ளலாம் அல்லவா?

நிழற்கிளி

நான் மேக் பயன்படுத்துகிறேன். டெஸ்க்டாப் கோப்புறை ஐகிளவுடில் இருக்கிறது. அங்கே பெயரிலேயே மணி, நிமிடம், வினாடி வந்துவிடுவதால் இரண்டு மேக்குகளில் எடுத்தாலும் பெயர் மோதியதில்லை. ஆனால் ஒரு காலத்தில் நானும் இரட்டைக் கோப்புகளைப் பார்த்து மிரண்டேன். பிறகுதான் தெரிந்தது: இரண்டு திரைகள் இணைக்கப்பட்டிருந்தால், முழுத்திரையைப் பிடிக்கும் விசைக்கு ஒவ்வொரு திரைக்கும் ஒரு கோப்பு எழுதப்படுகிறது, இரண்டாவதன் பெயரின் இறுதியில் (2) சேர்கிறது. நேரத்தை மட்டும் பார்த்து அழித்திருந்தால், இரண்டாம் திரையின் படங்களையெல்லாம் நகல் என்று நினைத்து இழந்திருப்பேன்.

தறி

நிழற்கிளி சொன்னது கணக்கனின் கேள்விக்கு நல்ல விடை. நேரம் ஐயத்தைக் கிளப்பப் பயன்படும். தீர்ப்புச் சொல்லப் பயன்படாது. வரைவாளருக்கு உள்ளவை நான்கே இணைகள், கண்ணால் பார்த்து அழித்துவிடலாம்.

இனி இரண்டாவது சிக்கல். விண்டோஸ் அடுத்த திரைப்பிடிப்புக்கு எந்த எண்ணை இட வேண்டும் என்பதை ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்கிறது. இதை நீங்களே பார்க்கலாம்:

```
reg query "HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Explorer" /v ScreenshotIndex
```

விடை பதினாறடிமான எண்ணாக வரும். 0xd5 என்று வந்தால் அது 213. இந்த எண் அந்தந்தக் கணினிக்கே உரியது, மேகத்துக்குச் செல்வதில்லை. அப்படியானால் இரு கணினிகளிலும் எண்கள் வெவ்வேறாகத்தானே இருக்க வேண்டும், எப்படி இரண்டும் 213-இல் வந்து நின்றன என்று கேட்கலாம். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸ் அதன்மீது எழுதாமல், காலியாக உள்ள அடுத்த எண்ணுக்கு நகர்கிறது. கோப்புறை பொதுவானது. ஆகவே மடிக்கணினியின் கணக்கு 40-இல் இருந்தாலும், மேசைக்கணினியின் 212 கோப்புகளும் ஒத்திசைவு வழியே அங்கே தெரிவதால், அது 41-ஐ நாடாமல் நேரே 213-க்கு வந்துவிடுகிறது. பொதுக் கோப்புறை இரண்டு கணினிகளையும் ஒரே எண்ணை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டும் இணையத்தில் இருக்கும் வரை இதனால் கேடில்லை. ஒன்று 213-ஐ எழுதிய சில நொடிகளில் மற்றதற்கு அது தெரிந்துவிடும். அது 214-ஐ எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒன்றும் நேராமல் இருந்து, பயணம் போன நாளில் மட்டும் குழப்பம் வருவது இதனால்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியே 213 முதல் எண்ணத் தொடங்கின. மேசைக்கணினி நான்கு கோப்புகளோடு முதலில் மேகத்தை அடைந்தது. மாலையில் மடிக்கணினி இணைந்தபோது, 213 முதல் 216 வரையிலான பெயர்கள் அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தன. ஒன்டிரைவ் எதையும் இழக்க விரும்பாமல் பின்னால் வந்தவற்றின் பெயரில் LAP02 என்பதைச் சேர்த்து, முன்னால் வந்தவற்றுக்குப் பழைய பெயரையே விட்டுவிட்டது. 217, 218, 219 ஆகியவற்றுக்குப் போட்டி இல்லாததால் அவை அப்படியே ஏறிவிட்டன. நான்கு தவறு, மூன்று சரி என்ற உங்கள் கணக்கு இதனோடு பொருந்துகிறது.

இதில் என்னை உறுத்துவது கோப்புகள் பெருகியது அன்று. உங்கள் ஆவணம் Screenshot (213).png என்று கேட்கிறது. அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கவும் இருக்கிறது. ஆகவே எந்த எச்சரிக்கையும் வராது. படம் காணவில்லை என்றால் வெற்றிடம் தெரியும், நீங்கள் உடனே திருத்துவீர்கள். இங்கோ பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது ஆள் மாறிவிட்டது.

வரைவாளர்

படித்ததும் பட்டியலை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது. LAP02 ஒட்டிய நான்கும்தான் நான்காம் அத்தியாயத்துக்கு உரியவை. அவற்றை மோதலின் மிச்சம் என்று நினைத்து அழிக்க இருந்தேன். மேசைக்கணினியின் ஒன்டிரைவ் அமைப்பில் அந்தத் தேர்வு இயக்கத்தில்தான் இருந்தது, இப்போது அணைத்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் மீண்டும் பயணம் உண்டு. இது திரும்ப நேராமல் இருக்க என்ன செய்வது?

தென்காற்று

நான் நான்கு ஆண்டுகளாக மூன்று கணினிகளை இப்படித்தான் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்ட்ரியில் அந்த ScreenshotIndex எண்ணை ஒரு கணினியில் 1-லும், அடுத்ததில் 5000-லும், மூன்றாவதில் 10000-லும் தொடங்கும்படி மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் எண்ணிக்கொண்டு போகிறது. இதுவரை ஒருமுறைகூட மோதியதில்லை. எண்ணைப் பார்த்தே எந்தக் கணினியில் எடுத்தது என்றும் சொல்லிவிடலாம்.

தறி

தென்காற்றின் வழி வேலை செய்யும், அழகாகவும் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம், அது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று என்பதுதான். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ புதிய கணினி வாங்கினாலோ எண் மீண்டும் 1-இல் தொடங்கும். பொதுக் கோப்புறையைக் கண்டதும் முதல் காலி எண்ணுக்கு ஓடி, இன்னொரு கணினியின் எல்லைக்குள் புகுந்துவிடும்.

ஒரு கோப்புறையில் ஒரு கணினி மட்டுமே எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எண்களைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. Screenshots கோப்புறைக்குள் DESK, LAP என்று இரண்டு கோப்புறைகளை உருவாக்குங்கள். மேசைக்கணினியில் Screenshots-ஐ வலச்சொடுக்கி, Properties-இல் Location தாவலைத் திறந்து, பாதையை DESK என்று முடியும்படி மாற்றுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆவணத்தின் இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். மடிக்கணினியில் இதையே LAP என்ற பாதைக்குச் செய்யுங்கள். இனி இரண்டிலும் 213 தோன்றினாலும் அவை வெவ்வேறு கோப்புறையில் இருக்கும். இரண்டு கணினியிலிருந்தும் இரண்டையும் பார்க்கவும் முடியும்.

இதில் ஒரு குழி உண்டு, நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். பாதையைத் தட்டும்போது அவசரத்தில் Pictures கோப்புறையையே இலக்காகக் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் Pictures, Screenshots என்ற இரண்டு சிறப்புக் கோப்புறைகளும் ஒரே இடம் என்று கொண்டுவிடும். அதன்பின் Location தாவலில் ஒன்றை மாற்றினால் மற்றதும் சேர்ந்து இடம் மாற முனையும். எந்தக் கோப்புறை எங்கே போகிறது என்பதை இரண்டு முறை படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒன்டிரைவின் அந்தத் தேர்வு இந்த மாற்றத்தைப் பின்பற்றாது, அது தன் போக்கில் பழைய இடத்திலேயே எழுதும். இரு கணினிகளிலும் அதை இயக்கினால் தேதிப் பெயர்களும் மோதும். ஏனெனில் இரண்டும் அன்றைய முதல் படத்துக்கு 2025-03-11.png என்றே பெயரிடும். அது அணைந்தே இருக்கட்டும்.

கணக்கன்

ஒரு கேள்வி. திரைப்பிடிப்புகள் ஒத்திசைவிலேயே ஏன் இருக்க வேண்டும்? கோப்புறையை ஒன்டிரைவுக்கு வெளியே நகர்த்திவிட்டால் இந்தப் பேச்சே எழாது. எடுக்கும் நூறு படங்களில் கையேட்டுக்குப் போவது பத்துகூட இராது. அந்தப் பத்தை மட்டும் நல்ல பெயரிட்டு ஒத்திசைவுக் கோப்புறைக்கு மாற்றினால் போதுமே.

தறி

அதுவும் ஏற்கத்தக்கதே, நான் தனிப்பட்ட முறையில் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் வரைவாளர் மடிக்கணினியில் எடுத்ததை உடனே மேசைக்கணினியில் காண விரும்புவதாகத் தெரிகிறது. எந்த வழியானாலும், ஆவணத்தில் இணைக்கும் படத்துக்கு இயந்திரம் இட்ட பெயர் இருக்கக் கூடாது என்பதில் நானும் கணக்கனும் ஒரே பக்கம். Screenshot (213).png என்ற பெயரை யார் வேண்டுமானாலும் தற்செயலாக உருவாக்கிவிடலாம், athi04-login-pizhai.png என்ற பெயரை நீங்கள் மட்டுமே உருவாக்குவீர்கள்.

வரைவாளர்

இரண்டு கணினிகளிலும் பாதையை மாற்றிவிட்டேன். பழைய அத்தியாயங்களில் இதற்கு முன்பும் இப்படி ஆள் மாறியிருக்குமோ என்ற அச்சம் இப்போது வந்துவிட்டது. முந்நூறு பக்கத்தையும் கண்ணால் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

தறி

உண்டு. ஒவ்வொரு மோதலும் ஒரு தடயத்தை விட்டுச் சென்றிருக்கும். கணினியின் பெயர் ஒட்டிய கோப்புகளை மட்டும் தேடுங்கள். முதல் வரியில் வரும் கோப்புறைப் பாதையை உங்களுடையதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```
cd "$env:OneDrive\Pictures\Screenshots"
Get-ChildItem *-LAP02.png, *-DESK01.png | Select-Object Name, LastWriteTime
```

DESK01 என்பதற்குப் பதிலாக உங்கள் மேசைக்கணினியின் பெயரை இடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பெயரிலிருந்தும் வாலை நீக்கினால் வருவது, ஆவணத்தில் நீங்கள் சரிபார்க்க வேண்டிய எண். முந்நூறு பக்கங்கள் சில பத்து படங்களாகச் சுருங்கிவிடும். இங்கே பெயரைத் தேடுவதால் இன்னொரு நன்மை: கோப்பு மேகத்தில் மட்டும் இருந்து கணினியில் இறக்கப்படாமல் இருந்தாலும் பட்டியலில் வரும். கணக்கன் தந்த ஹாஷ் கட்டளையோ ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிப்பதால், எல்லாவற்றையும் மேகத்திலிருந்து இறக்கத் தொடங்கியிருக்கும்.

இந்தத் தேடலுக்கு ஒரு எல்லை உண்டு. வால் ஒட்டிய கோப்பை நீங்கள் முன்பே அழித்திருந்தால் தடயமும் போய்விட்டிருக்கும். சமீபத்தில் அழித்தது என்றால் ஒன்டிரைவின் மறுசுழற்சித் தொட்டியை இணையத்தில் திறந்து பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள், அலுவலகக் கணக்கில் பொதுவாக 93 நாள் அங்கே கிடக்கும்.

தென்காற்று

என் மூன்று கணினிகளில் இரண்டு ஒரே வட்டிலிருந்து படியெடுத்து நிறுவப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே கணினிப் பெயர். அப்படியானால் மோதல் நேரும்போது வாலும் ஒன்றாகத்தானே இருக்கும்? எது எந்தக் கணினியினுடையது என்று எப்படி அறிவது?

தறி

வாலைக் கொண்டு அறிய முடியாது. முதலில் ஒன்றின் பெயரை மாற்றிவிடுங்கள். பழையவற்றில் இரு கணினிகளின் திரை அளவும் வேறு என்றால், படத்தின் அகல உயரத்தைக் கொண்டு பிரிக்கலாம். திரை அளவும் ஒன்றே என்றால் என்னிடம் விடை இல்லை. வேறு யாருக்கேனும் தெரிந்தால் சொல்லுங்கள்.

வரைவாளர்

தேடலில் மொத்தம் பதினெட்டுக் கோப்புகள் வந்தன. செவ்வாய்க்கிழமை நான்கு போக, பதினான்கு பழையவை. அவற்றில் ஒன்பது ஆவணத்தில் பயன்படவே இல்லை. மீதி ஐந்தில் மூன்று சரியாக இருந்தன. இரண்டில் ஆள் மாறியிருந்தது. அதில் ஒன்று இரண்டு மாதத்துக்கு முன் வாசகர்களுக்கு அனுப்பிய பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி ஒருவரும் எழுதவில்லை என்பதில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

வால் ஒட்டியவற்றுக்கு முறையான பெயர் இட்டு, ஆவணத்தின் இணைப்புகளையும் திருத்திவிட்டேன். மூன்று நாளாக DESK, LAP கோப்புறைகள் தனித்தனியே ஓடுகின்றன. நேற்று வேண்டுமென்றே இரண்டிலும் இணையத்தைத் துண்டித்துப் படங்கள் எடுத்துப் பார்த்தேன், மோதல் இல்லை. ஆனால் இன்று காலை ஒரு புதிய இணை தென்பட்டது. Win + Shift + S கொண்டு எடுத்து, அம்புக்குறி வரைந்து சேமித்தேன். அம்பு இல்லாத ஒன்றும் அம்பு உள்ள ஒன்றுமாக இரண்டு கோப்புகள் இருக்கின்றன. இது மீண்டும் அந்த இரட்டைப் பிடிப்பா?

நிழற்கிளி

அலுவலகத்தில் விண்டோஸ் பயன்படுத்துவதால் இதற்கு என்னால் விடை சொல்ல முடியும். அது வேறு. அந்தக் கருவி நீங்கள் பிடித்த கணமே மூலப்படத்தைத் தானாகச் சேமித்துவிடுகிறது. பெயரில் தேதியும் வினாடி வரையிலான நேரமும் இருக்கும். நீங்கள் வரைந்தபின் சேமித்தது இரண்டாவது கோப்பு. கருவியின் அமைப்புகளில் தானாகச் சேமிப்பதை நிறுத்தலாம். நான் நிறுத்தவில்லை, அம்பைத் தவறான பொத்தானுக்கு வரைந்துவிட்டால் மூலப்படம் கைகொடுக்கிறது.

வரைவாளர்

அப்படியானால் அதை அப்படியே விட்டுவைக்கிறேன். தென்காற்றின் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் இதே இழையில் எழுதுங்கள். என் அலுவலகத்திலும் படியெடுத்து நிறுவிய கணினிகள் சில உள்ளன.